டுடோரியல் விடைகளைப் பிழை கண்டுபிடிக்கும் தாளாக மாற்றுவது எப்படி?

கேள்வி: "பொறியியல் முதலாமாண்டு படிக்கிறேன். கணக்கு டுடோரியல் விடைகள் முழுவதும் கையில் இருக்கிறது. படித்தால் எல்லாம் புரிகிறது, இன்டர்னல் தேர்வில் மட்டும் நடுவில் எங்கேயோ சறுக்கிவிடுகிறேன். அந்த விடைகளையே தப்பு கண்டுபிடிக்கிற தாளாக மாற்றிப் பழகு என்கிறார் ஒரு சீனியர். எப்படி மாற்றுவது? தப்பான வழியே மனதில் பதிந்துவிடாதா?"

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தாளை எப்படித் தயாரிக்க வேண்டும் என்பதே அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. மோசமாகத் தயாரித்தால் பதியத்தான் செய்யும். இதை ஆராய்ந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ராபர்ட் சீக்லர் என்ற உளவியலாளர் பள்ளிக் குழந்தைகளிடம் கணக்கு கொடுத்துப் பார்த்தார். சரியான விடை ஏன் சரி என்று மட்டும் விளக்கிய குழந்தைகளைவிட, தவறான விடை ஏன் தவறு என்பதையும் சேர்த்து விளக்கியவர்கள் நன்றாகக் கற்றார்கள். 2007-இல் குரோஸ, ரெங்கிள் என்ற இருவர் நிகழ்தகவுக் கணக்குகளை வைத்து வெளியிட்ட ஆய்வு இன்னொரு முகத்தைக் காட்டியது. பாடத்தில் ஓரளவு பிடிப்பு உள்ளவர்களுக்குப் பிழையுள்ள விடைகள் உதவின. பிடிப்பு இல்லாதவர்களுக்கோ, பிழை எந்த இடத்தில் இருக்கிறது என்று குறித்துக் கொடுத்தால்தான் பயன் இருந்தது. இந்த இரண்டையும் வைத்து உறுதியாகச் சொல்லலாம்: ஒவ்வொரு பிழைக்கும் அது ஏன் பிழை என்ற விளக்கம் இருக்க வேண்டும், அந்த விளக்கத்தை நீங்களே எழுத வேண்டும், இன்னும் புரியாத பாடத்தில் பிழை இருக்கும் இடத்தைக் குறிக்காமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. இனிமேல் நான் சொல்வதில் பெரும்பகுதி முதலாமாண்டு மாணவர்களுக்குப் பல வருடம் டுடோரியல் வகுப்பு எடுத்த பழக்கத்தில் வந்தது. அதை ஆய்வு முடிவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பொதுவாகப் பேசினால் ஒன்றும் விளங்காது, ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். முதல் வரிசை நேரியல் வகைக்கெழுச் சமன்பாடு, இன்டக்ரேட்டிங் ஃபேக்டர் வைத்துத் தீர்ப்பது. பள்ளிப் புத்தகத்தில் தொகையீட்டுக் காரணி என்று படித்திருப்பீர்கள். டுடோரியல் விடைத்தாளில் இது வழக்கமாக மூன்று வரியில் முடிந்துவிடும்: காரணி 1/x², ஆகவே y/x² = sin x + C, நிபந்தனையைப் பயன்படுத்த y = x² sin x + x². எழுதியவருக்கு இது போதும். உங்களுக்குப் போதாது, ஏனென்றால் நீங்கள் சறுக்குகிற இடமெல்லாம் அவர் எழுதாமல் விட்ட வரிகளில்தான் இருக்கிறது. அதனால் முதல் வேலை, விடையை விரித்து எழுதுவது. ஒரு வரியில் ஒரு முடிவு மட்டும் இருக்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் எண் போடுங்கள்.

```
x y' − 2y = x³ cos x,   x > 0,   y(π) = π²

(1) y' − (2/x) y = x² cos x
(2) P = −2/x
(3) μ = e^(∫P dx) = e^(−2 ln x) = 1/x²
(4) (y/x²)' = cos x
(5) y/x² = sin x + C
(6) y = x² sin x + C x²
(7) π² = 0 + C π²,   C = 1
(8) y = x² sin x + x²
```

விரித்து எழுதியது போதுமா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு வரிக்கும் எதிரே, முந்தைய வரியிலிருந்து இதற்கு எப்படி வந்தோம் என்று நாலைந்து சொற்களில் எழுதிப் பாருங்கள். முதல் வரிக்கு 'இரு பக்கமும் x ஆல் வகுத்தல்'. நான்காவதற்கு 'இரு பக்கமும் 1/x² ஆல் பெருக்கல், இடப்பக்கம் முழு வகைக்கெழு ஆகிறது'. எந்த வரிக்காவது இரண்டு காரணம் எழுத வேண்டி வந்தால் அதை இரண்டாகப் பிரியுங்கள். எந்த வரிக்காவது காரணமே எழுத வரவில்லை என்றால் அந்தக் கணக்கு இன்னும் தாள் தயாரிக்கும் நிலைக்கு வரவில்லை. மறுபடி பாடத்துக்குப் போங்கள், அல்லது வகுப்பெடுத்தவரிடம் கேளுங்கள். இந்த விரித்தெழுதும் வேலையிலேயே பாதிப் பயன் கிடைத்துவிடும் என்பது என் எண்ணம்.

அடுத்தது, எந்தப் பிழையை நுழைப்பது? உட்கார்ந்து கற்பனை செய்யாதீர்கள். கற்பனைப் பிழைகள் பெரும்பாலும் 3 என்பதை 8 என்று எழுதியது, கூட்டலைக் கழித்தலாக மாற்றியது என்ற அளவில் நின்றுவிடும். அவற்றைக் கண்டுபிடிப்பது அச்சுப்பிழை பார்க்கிற வேலை, கணக்கு அதில் எதுவும் இல்லை. உங்கள் இன்டர்னல் விடைத்தாள், சிவப்பு மை பட்ட டுடோரியல் நோட்டு, நண்பர்களின் நோட்டு, இவைதான் சுரங்கம். அங்கே கிடைக்கிற ஒவ்வொரு பிழைக்கும், 'இதை எழுதியவர் இப்படி நினைத்தார்' என்று ஒரு வாக்கியம் எழுத முடிகிறதா பாருங்கள். முடிந்தால் வைத்துக்கொள்ளுங்கள், முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். இந்தப் பாடத்தில் நான் வருடாவருடம் பார்ப்பவை நான்கு: முதல் வரியில் இடப்பக்கத்தை மட்டும் வகுத்துவிட்டு வலப்பக்கத்தை மறப்பது, e^(−2 ln x) என்பதை −2x என்று எழுதுவது, காரணியால் வலப்பக்கத்தைப் பெருக்க மறப்பது, C-யைக் கடைசியில் ஒட்டவைப்பது.

இந்த நான்கும் உண்மையான பிழைகள்தாம், ஆனால் நான்கும் தாளுக்கு ஒரே மாதிரி உதவாது. e^(−2 ln x) = −2x என்று வைத்துக்கொண்டு மேலே போனால் அடுத்த வரியின் வலப்பக்கம் −2x³ cos x ஆகிவிடும். அதைத் தொகையிட மூன்று முறை பகுதி பகுதியாகத் தொகையிட வேண்டும். பாதி பக்கம் நீளும்போதே, என்னவோ சரியில்லை என்று எவருக்கும் மூக்கு வேர்த்துவிடும். தேர்வறையில் அந்த மோப்பம் நல்லதுதான். ஆனால் தாளில் பிழை தானாகக் காட்டிக்கொடுத்துவிட்டால் தேடுகிறவருக்கு வேலை இல்லை. அதை மூன்றாம் வரியோடு நிறுத்தி, தனியாக ஒரு வரிக் கேள்வியாகக் கொடுங்கள்: 'இந்த வரி சரியா? x = 2 போட்டுப் பார்க்கவும்.' e^(−2 ln 2) என்பது 1/4, −2x என்பது −4. அவ்வளவு போதும்.

முழுத் தாளுக்கு ஏற்றது முதல் பிழை. வலப்பக்கத்தை வகுக்க மறந்தவர் அதற்குப் பிறகு எந்தத் தவறும் செய்யாமல் போனால் விடை இப்படி வரும்:

```
(1) y' − (2/x) y = x³ cos x
(2) P = −2/x
(3) μ = e^(−2 ln x) = 1/x²
(4) (y/x²)' = x cos x
(5) y/x² = x sin x + cos x + C
(6) y = x³ sin x + x² cos x + C x²
(7) π² = −π² + C π²,   C = 2
(8) y = x³ sin x + x² cos x + 2x²
```

எவ்வளவு அழகாக வந்திருக்கிறது பாருங்கள். தொகையிடல் ஒரே முறையில் முடிகிறது, C முழு எண், கடைசி விடையும் பார்வைக்கு நன்றாக இருக்கிறது. இதைத்தான் தேர்வில் எழுதிவிட்டு, நன்றாகப் போட்டேன் என்று வெளியே வருகிறோம். தாள் தயாரிப்பவர் இங்கே கவனிக்க வேண்டியது, பிழைக்குப் பிந்தைய ஒவ்வொரு வரியையும் அந்தப் பிழையை வைத்தே சரியாகப் போட்டிருக்க வேண்டும். முதல் வரியை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை டுடோரியலில் இருந்தபடியே விட்டால் மூன்றாம் வரிக்கும் நான்காம் வரிக்கும் ஒட்டாது. தேடுகிறவர் நான்காம் வரியைப் பிழை என்பார், அவர் சொல்வதும் சரியாகத்தான் இருக்கும். ஒரு விடைக்கு ஒரே ஒரு மூலப்பிழை என்று வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அதன் தொடர்ச்சியாக இருக்கட்டும்.

C-யைக் கடைசியில் ஒட்டவைத்த பிழைக்குத் தனிக் குணம் உண்டு, அதனால் அதைக் கட்டாயம் சேர்க்கச் சொல்வேன். முதல் நான்கு வரிகள் சரி. அப்புறம் இப்படிப் போகும்:

```
(5) y/x² = sin x
(6) y = x² sin x + C
(7) π² = 0 + C,   C = π²
(8) y = x² sin x + π²
```

இதில் x = π போட்டுப் பார்த்தால் y = π² என்றே வரும். நிபந்தனை சரிபார்த்தாயிற்று, விடை சரி என்று நினைக்கும் மாணவர்கள் ஏராளம். C-யைக் கண்டுபிடித்ததே அந்த நிபந்தனையை வைத்துத்தான், அது பொருந்தாமல் எங்கே போகும்? நிபந்தனையைச் சரிபார்ப்பதும் சமன்பாட்டைச் சரிபார்ப்பதும் வேறு வேறு வேலைகள் என்பதை இந்த ஒரு விடை காட்டுவதுபோல எந்த அறிவுரையும் காட்டாது. இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. பிழை உள்ள வரி ஐந்தா, ஆறா? ஐந்தில் C இல்லை, ஆறில் இருக்கக் கூடாத இடத்தில் வந்திருக்கிறது. நான் ஐந்து என்று குறிப்பேன், ஏனென்றால் தொகையிடும் செயல் நடந்த இடம் அது. ஆனால் ஆறு என்று சொல்லி, x²-ஆல் பெருக்கும்போது C-யும் பெருக்கப்பட்டிருக்க வேண்டும் என்று காரணம் எழுதியவருக்கும் முழு மதிப்பெண் கொடுக்க வேண்டும். இப்படி இரண்டு பதில் வரக்கூடிய இடங்களை விடைக்குறிப்பில் முன்கூட்டியே எழுதிவைக்காவிட்டால் நண்பர்களோடு தாளை மாற்றிக்கொள்ளும்போது சண்டைதான் மிஞ்சும்.

விடைக்குறிப்புதான் இந்த வேலையின் உயிர். அதைத் தனித் தாளில் எழுதுங்கள். வரி 1 பிழை, சரியானது x² cos x என்று முடித்துவிட்டால் அது திருத்தம் மட்டுமே. நான் எழுதச் சொல்வது இந்த அளவுக்கு: 'வரி 1. எழுதியவர் y'-க்கு முன்னால் இருந்த x-ஐ நீக்குவதிலேயே கவனமாக இருந்தார், வலப்பக்கமும் அதே சமன்பாட்டின் பாதி என்பது அவர் பார்வையில் படவில்லை. சமன்பாட்டை x-ஆல் வகுத்தால் மூன்று உறுப்பும் வகுபட வேண்டும். சரியான வரி y' − (2/x) y = x² cos x. கண்டுபிடிக்கும் வழி: கடைசி விடையைக் கேள்வியில் போட்டால் வலப்பக்கம் x⁴ cos x வரும், ஒரு x கூடுதல்.' நினைப்பு, காரணம், சரியான வரி, கண்டுபிடிக்கும் வழி, இந்த நான்கும் ஒரு குறிப்புக்குள் வந்துவிட வேண்டும். தவறான வழி மனதில் பதிந்துவிடுமோ என்ற உங்கள் பயத்துக்கு மருந்து இங்கேதான் இருக்கிறது. பிழையான வரியை எங்கே எழுதினாலும் அதன் சரியான வடிவம் விடைக்குறிப்பில் ஒரு முறையாவது உங்கள் கையால் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அந்த 'கண்டுபிடிக்கும் வழி'யைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் தேர்வில் கடைசிப் பத்து நிமிடத்தில் உங்களுக்கு உதவப் போவது அதுதான். வகைக்கெழுச் சமன்பாட்டில் விடையைத் திரும்பப் பிரதியிடலாம். பலரும் அதைச் சரி, தப்பு என்று தெரிந்துகொள்ள மட்டும் பயன்படுத்துகிறார்கள். பிரதியிட்டு வருவதைக் கூர்ந்து பார்த்தால் பிழை எங்கே இருக்கிறது என்றும் பெரும்பாலும் தெரியும். முதல் பிழை விடையை எடுத்து x y' − 2y கணக்கிட்டால் sin x உறுப்புகளும் x² உறுப்புகளும் கழிந்துபோய் x⁴ cos x மட்டும் நிற்கும். வர வேண்டியது x³ cos x. ஒரு x அதிகம் என்றால் எங்கோ ஒரு x-ஆல் வகுக்க விட்டிருக்கிறோம், உடனே கண் முதல் வரிக்குப் போகும். காரணியால் வலப்பக்கத்தைப் பெருக்க மறந்திருந்தால் x⁵ cos x வரும். அதில் x² அதிகம், அதாவது 1/x² என்ற காரணி விட்டுப்போயிருக்கிறது. C-யைப் பிந்தி ஒட்டிய விடையில் x³ cos x சரியாக வந்து, கூடவே −2π² என்று ஒரு மாறிலி மிஞ்சும். C-யின் மதிப்பு π², மிஞ்சியது −2C. மாறிலி மட்டும் மிஞ்சினால் குற்றவாளி C-தான்.

இந்தத் துப்பறிதலுக்கும் எல்லை உண்டு. ஒரு x அதிகமாக வந்தால் முதல் வரிதான் பிழை என்று அடித்துச் சொல்ல முடியாது. முதல் வரியைச் சரியாக எழுதிவிட்டு, நான்காம் வரியில் வலப்பக்கத்தை 1/x²-க்குப் பதில் 1/x-ஆல் பெருக்கியிருந்தாலும் அதே x cos x, அதே கடைசி விடை வரும். பிரதியிடல் தேட வேண்டிய இடத்தைச் சுருக்கித் தரும், தீர்ப்பு வரிகளைப் படித்துத்தான் சொல்ல வேண்டும். பிரதியிடும்போதே வகையிடலில் தவறு செய்தால் நல்ல விடையையும் அடித்துவிடுவீர்கள். மேலே கொடுத்த சரியான விடையை முதலில் பிரதியிட்டுப் பாருங்கள். x y' = 2x² sin x + x³ cos x + 2x², அதிலிருந்து 2y போனால் x³ cos x மட்டும் நிற்கும். கை பழகிய பிறகு பிழை விடைகளுக்குப் போகலாம்.

தாளில் பிழையே இல்லாத விடைகளையும் கலக்க வேண்டும். எல்லா விடையிலும் பிழை இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், ஏதாவது ஒரு வரியைச் சுட்டிக்காட்டித் தப்பித்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வந்துவிடும். தேர்வில் உங்கள் விடையில் பிழை இருக்கிறதா இல்லையா என்றே உங்களுக்குத் தெரியாது. ஐந்து விடை இருந்தால் ஒன்றோ இரண்டோ சரியானதாக இருக்கட்டும், எத்தனை என்று தாளில் எழுத வேண்டாம். இந்த விகிதத்துக்கு ஆய்வு ஆதாரம் எதையும் நான் காட்டப் போவதில்லை, வகுப்பில் வேலை செய்தது அவ்வளவுதான். சரியான விடைகளிலும் ஒன்று பழக்கமில்லாத வழியில் போட்டதாக இருந்தால் இன்னும் நல்லது. இதே கணக்கைக் காரணியே இல்லாமல் இப்படிப் போடலாம்:

```
y = v x²,   y' = v' x² + 2 v x
x y' − 2y = x³ v' + 2 v x² − 2 v x² = x³ v'
x³ v' = x³ cos x,   v' = cos x
v = sin x + C
y = x² sin x + C x²,   C = 1
```

இதைக் கொடுத்தால் பாதிப் பேர் 'காரணி எங்கே? முறை தவறு' என்று சிவப்பு மையை எடுப்பார்கள். பழக்கமில்லாததும் தவறானதும் ஒன்றல்ல என்பதை இங்கே கற்கலாம். கேள்வியிலேயே இன்ன முறையில் தீர்க்கவும் என்று கேட்டிருந்தால் மட்டும் கதை வேறு. அப்போது கணிதம் சரியாக இருந்தும் மதிப்பெண் போகலாம். விடைக்குறிப்பில் அதையும் ஒரு வரி எழுதிவையுங்கள்.

சரி, தாள் தயார். நீங்களே தயாரித்த தாளில் பிழை எங்கே என்று உங்களுக்குத் தெரியுமே? தனியாகத் தாள் தயாரிப்பவர்கள் எல்லாரும் முட்டுகிற சுவர் இது. மூன்று, நான்கு பேர் சேர்ந்து ஆளுக்கு ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு தாள்களை மாற்றிக்கொள்வதே நல்ல வழி. துணை கிடைக்காவிட்டால் ஒரே கணக்குக்கு மூன்று, நான்கு வடிவம் தனித்தனித் தாளில் எழுதி, வேறு கணக்குகளின் வடிவங்களோடு கலைத்துப்போட்டு, ஒரு வாரம் கழித்து நான்கை மட்டும் உருவி எடுங்கள். எந்த வடிவம் கையில் வரும் என்று தெரியாது. ஆனாலும் நண்பர் தயாரித்த தாள் அளவுக்கு இது வராது. உங்கள் கண்ணுக்குப் பிழையாகவே தோன்றாத ஒன்றை நீங்கள் எப்படி நுழைப்பீர்கள்? அதற்கு வேறொருவரின் நோட்டுதான் வேண்டும்.

தாளைச் செய்யும்போது வரி எண்ணைச் சுழித்துவிட்டு அடுத்ததற்குத் தாவக் கூடாது. ஏன் பிழை என்று ஒரு வாக்கியம் எழுதி, அந்த வரியிலிருந்து கடைசி வரை சரியாகத் திருப்பி எழுத வேண்டும். இதில் கறாராக இருக்கச் சொல்கிறேன், காரணம் உண்டு. பிழையைக் கண்டுபிடிப்பது எதிரே இருப்பதை அடையாளம் காணும் வேலை. தேர்வோ வெள்ளைத் தாளைக் கொடுத்து முதல் வரியிலிருந்து எழுதச் சொல்கிறது. பிழை கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரராக இருந்தும், 16 மதிப்பெண் கேள்வியை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்களிடம் இருக்கிற நேரத்தில் பாதிக்கு மேல் கணக்குப் போடுவதற்கே போக வேண்டும். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்கள் பிரச்சினை நடுவில் சறுக்குவது, தொடங்குவது அல்ல. அதனால் இந்தத் தாள் உங்களுக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். ஒரு பாடத்தில் தொடங்கவே வரவில்லை என்றால் அந்தப் பாடத்துக்குப் பிழை இருக்கும் வரியை முன்பே குறித்துக்கொண்டு, காரணத்தை மட்டும் எழுதிப் பழகுங்கள். மேலே சொன்ன 2007 ஆய்வு சொல்வதும் இதைத்தான்.

வகுப்பு வாட்ஸாப் குழுவில் தாளைப் போடுவதாக இருந்தால் ஒவ்வொரு பக்கத்திலும் 'பிழை உள்ள தாள்' என்று பெரிதாக எழுதிவிடுங்கள். முதல் பக்கத்தில் மட்டும் எழுதினால் போதாது, ஏனென்றால் யாரோ நடுப்பக்கத்தை மட்டும் படம் பிடித்து அனுப்புவார்கள். தேர்வுக்கு முந்தைய இரவில் அது 'முக்கியக் கணக்கு விடை' என்ற பெயரில் சுற்றும். விடைகளை எழுதிக் கொடுத்த ஆசிரியரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவர் கையெழுத்தில் உள்ள விடையில் நீங்கள் பிழையை நுழைத்து அது வெளியே போனால் பெயர் கெடுவது அவருக்குத்தான். கேள்வியை எடுத்துக்கொண்டு விடையை உங்கள் கையெழுத்தில் எழுதுவது நல்லது.

மற்ற பாடங்களுக்கும் இதே வழிதான், கண்டுபிடிக்கும் வழி மட்டும் மாறும். அணிகளில் ஐகன் மதிப்புகள் கண்டுபிடித்தால் அவற்றின் கூட்டல் அணியின் மூலைவிட்ட உறுப்புகளின் கூட்டலுக்கும், பெருக்கல் அணிக்கோவைக்கும் சமமாக இருக்க வேண்டும். கூட்டல் பொருந்திப் பெருக்கல் பொருந்தாத விடை ஒன்றைத் தாளில் வையுங்கள், ஒன்றை மட்டும் சரிபார்த்து நிறுத்துகிறவர்கள் அதில் மாட்டுவார்கள். இரட்டைத் தொகையீட்டில் வரிசையை மாற்றும்போது பிழை பெரும்பாலும் எல்லைகளில்தான் இருக்கும். உள்ளே இருக்கும் சார்பை எடுத்துவிட்டு 1 என்று போட்டுத் தொகையிட்டால் பகுதியின் பரப்பு வரும், பழைய எல்லைகளுக்கும் புதிய எல்லைகளுக்கும் அது ஒன்றாக இருக்க வேண்டும். பரப்பு ஒன்றாக வந்தும் எல்லை தவறாக இருக்கலாம், பகுதி தலைகீழாகப் புரண்டிருந்தால். அதற்குப் படம் வரைந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை, அந்தப் படத்தையும் விடைக்குறிப்பிலேயே வரைந்துவிடுங்கள்.